ஆறு பேர், ஒரே குளியலறை: பல் தேய்க்கும் பிரஷை எங்கே வைப்பது, எப்போது மாற்றுவது

நாகர்கோவில் வெட்டூர்ணிமடத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஆறு பெண்கள் வாடகைக்குத் தங்கியிருக்கிறார்கள். மூன்று பேர் நர்சிங் படிக்கிறார்கள், இரண்டு பேருக்கு ஜவுளிக்கடையில் வேலை, ஒருத்தி வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். குளச்சல், கருங்கல், ஆரல்வாய்மொழி என்று ஆளுக்கொரு ஊர். ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே குளியலறை, கக்கூசும் அதற்குள்ளேயே. வீட்டைப் பார்த்துக்கொள்ள வருவதற்கு முன்னால் ஒன்பது வருடம் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தேன். அதனால் புதிதாக ஒரு பெண் பெட்டியோடு வந்து இறங்கினால், தண்ணீர் மோட்டார் எப்போது போடுவோம் என்று சொன்ன கையோடு பிரஷை எங்கே வைக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுவேன்.

இது ஒரு சம்பவத்துக்குப் பிறகு வந்த வழக்கம். ஒரு ஜூன் மாதம், மழை பிடித்துக்கொண்ட வாரம். காலை ஐந்தரை மணிக்கு நர்சிங் படிக்கிற பிள்ளை ஒன்று கீழே இறங்கி வந்தது. கையில் நீல நிறப் பிரஷ். "எக்கா, நான் இன்னும் பல்லே தேய்க்கல்ல. எனக்க பிரஷ் நனைஞ்சிருக்கு" என்றது. ராத்திரி தேய்த்த ஈரம்தானோ என்று வாங்கிப் பார்த்தேன். நார்களுக்கு நடுவே பற்பசையின் வெள்ளை நுரை இன்னும் இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வேறு யாரோ அதில் பல் தேய்த்திருக்கிறார்கள். விசாரித்தால், இரண்டு பேர் ஒரே கடையில் ஒரே மாதிரி பாக்கெட் வாங்கியிருந்தார்கள். இரண்டும் நீலம், இரண்டும் ஒரே கப்பில். எத்தனை நாளாக மாறிக்கொண்டிருந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

ஒரே குளியலறையைப் பலர் பயன்படுத்தும் இடத்தில் பிரஷ் விஷயத்தில் நிஜமான ஆபத்து இதுதான். கக்கூஸிலிருந்து தெறிப்பது, காற்றில் வரும் கிருமி என்று நாம் பயப்படுவதெல்லாம் இதற்கு அடுத்த வரிசையில்தான் வரும். நம் வாய்க் கிருமிகளோடு நம் உடம்பு பழகியிருக்கிறது. அடுத்தவர் வாயிலிருந்து வருவது அப்படி இல்லை. ஈறில் ரத்தம் கசிகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், பலருக்கு அது இருப்பதே தெரியாது. ரத்தம் வழியாகப் பரவும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே குறைந்தது ஏழு நாளாவது உயிர்ப்போடு இருக்கக்கூடியது. அதனால்தான் பிரஷையும் சவர பிளேடையும் வீட்டு ஆளோடுகூடப் பங்கிடாதே என்கிறார்கள். அந்தப் பிள்ளை நர்சிங்குக்காகத் தடுப்பூசி போட்டிருந்தது, ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பிரஷையும் அன்றைக்கே குப்பையில் போட்டேன்.

முதல் வேலை: யாருடையது என்று கண்ணை மூடினாலும் தெரிய வேண்டும்

நிறத்தை நம்ப வேண்டாம். விடிகாலையில் மின்சாரம் இல்லாத நேரத்தில் நீலமும் பச்சையும் ஒன்றுதான். பிரஷின் கைப்பிடியில், விரல் படும் இடத்துக்குக் கீழே, தையல் நூலைப் பத்துச் சுற்று இறுக்கிக் கட்டி, நெயில் பாலிஷை அதன் மேல் ஒரு பூச்சு பூசிவிடுங்கள். பாலிஷ் காய்ந்தால் நூல் அவிழாது, தண்ணீரும் குடிக்காது. ஒருத்திக்கு ஒரு கட்டு, இன்னொருத்திக்கு இரண்டு கட்டு, மூன்றாமவளுக்குக் கைப்பிடியின் நுனியில் கட்டு. கையில் எடுத்ததுமே தடவித் தெரிந்துகொள்ளலாம். மார்க்கர் பேனாவில் பெயர் எழுதினால் இரண்டு வாரத்தில் அழிந்துவிடும், அதை நான் செய்து பார்த்துவிட்டேன்.

அப்புறம் பற்பசை. ஆறு பேரும் காசு சேர்த்துப் பெரிய டியூபாக ஒன்று வாங்குவது சிக்கனம்தான். ஆனால் டியூபின் வாயை நாரின் மேல் தேய்த்துத்தானே பசையை எடுக்கிறோம்? ஆறு பிரஷும் தினமும் இரண்டு வேளை ஒரே வாயைத் தொடுகின்றன. சிறிய டியூபாக ஆளுக்கொன்று வைத்துக்கொள்வது நல்லது. பொதுவில்தான் வாங்குவோம் என்றால் பசையைத் தொடாமல் மேலிருந்து விழ விடுங்கள்.

இரண்டாவது: எங்கே வைப்பது

எங்கள் வீட்டில் முன்பு கண்ணாடிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கப் இருந்தது, ஆறு பிரஷும் அதில் தலையோடு தலை முட்டிக்கொண்டு நிற்கும். ஒரு நாள் அந்தக் கப்பைக் கவிழ்த்தேன். அடியில் விரல் கனத்துக்குப் பழுப்பு நிறத்தில் கோழை மாதிரி ஒன்று திரண்டிருந்தது, ஓரத்தில் இளஞ்சிவப்பு வளையம். கைப்பிடி வழியாக இறங்கும் தண்ணீரும் பற்பசையும் எச்சிலும் சேர்ந்து தேங்கினால் இதுதான் நடக்கும். 2011-இல் என்எஸ்எஃப் என்ற அமெரிக்க அமைப்பு 22 குடும்பங்களின் வீடுகளில் எங்கே கிருமி அதிகம் என்று சோதித்தது. சமையலறை ஸ்பாஞ்சுக்கும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் அடுத்தபடி மூன்றாவதாக வந்தது பிரஷ் வைக்கும் தாங்கிதான். பிரஷைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் முதலில் கழுவ வேண்டியது கப்பை.

கக்கூஸ் பயத்தில் எவ்வளவு உண்மை? 2015-இல் அமெரிக்காவின் குயினிபியாக் பல்கலைக்கழகத்தில், சராசரியாக ஒன்பது பேருக்கு மேல் பயன்படுத்தும் பொதுக் குளியலறைகளிலிருந்து பிரஷ்களை எடுத்துப் பார்த்தார்கள். 60 சதவீதத்துக்கும் மேலான பிரஷ்களில் மலத்திலிருந்து வரும் வகைக் கிருமிகள் இருந்தன. அவை அந்தப் பிரஷின் சொந்தக்காரரிடமிருந்து வராமல் வேறொருவரிடமிருந்து வந்திருக்க 80 சதவீத வாய்ப்பு உண்டு என்றார்கள். குளிர்ந்த தண்ணீர், சூடான தண்ணீர், மவுத்வாஷ் என எதில் அலசியவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கேட்க அருவருப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கிருமி இருப்பதும் அதனால் நோய் வருவதும் ஒன்றல்ல. பிரஷில் வளரும் கிருமியால் ஆரோக்கியமானவர்களுக்கு நோய் வருகிறது என்று காட்டப் போதுமான சான்று இல்லை என்றுதான் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும் சொல்கிறது. பயத்தில் தூக்கம் கெட வேண்டியதில்லை, இடத்தை மாற்றினால் போதும்.

கக்கூஸ் மூடியை மூடிவிட்டுத் தண்ணீர் விடு என்பது பழைய அறிவுரை. 2024-இல் வெளியான அரிசோனா பல்கலைக்கழக ஆய்வில், மூடியை மூடினாலும் திறந்து வைத்தாலும் சுற்றி விழும் வைரஸின் அளவில் குறிப்பிடும்படி வித்தியாசம் வரவில்லை. நம் வீடுகளில் பாதி கக்கூஸுக்கு மூடியே கிடையாது. நம் ஊரில் பெரிய தெறிப்பு வேறொன்று: பக்கெட்டில் மொண்டு மொண்டு ஊற்றிக் குளிப்பது. தரையில் விழும் சோப்புத் தண்ணீர் எவ்வளவு உயரம் எகிறுகிறது என்று நாம் பார்ப்பதே இல்லை.

அதைப் பார்க்க ஒரு எளிய சோதனை செய்தேன். உங்கள் இடத்திலும் செய்யலாம். இங்க் பேனாவில் எழுதினால் தண்ணீர் பட்டதும் மை கரையும் அல்லவா? நாலு துண்டுக் காகிதத்தில் நெருக்கமாக வரிகள் எழுதி, பிரஷின் தலை நிற்கும் உயரத்தில் நாலு இடத்தில் ஒட்டினேன். ஒன்று கண்ணாடிக்குக் கீழே பழைய கப் இருந்த இடம், ஒன்று ஜன்னல் திட்டு, ஒன்று கதவுக்குப் பின்னால், ஒன்று குளியலறைக்கு வெளியே நடையில் இருக்கும் வாஷ்பேசின் பக்கச் சுவர். காலையில் ஆறு பேரும் குளித்து முடித்ததும் எடுத்துப் பார்த்தேன். கண்ணாடிக்குக் கீழே இருந்ததில் ஒரு எழுத்துகூட மிச்சமில்லை, காகிதமே நீலமாகியிருந்தது. ஜன்னல் திட்டில் பாதி கரைந்திருந்தது, அது மழைச் சாரலாலும் இருக்கலாம். கதவுக்குப் பின்னால் ஐந்தாறு பொட்டு. வெளியே ஒட்டியது எழுதினபடியே இருந்தது. இத்தனை நாளும் எங்கள் பிரஷ்கள் நின்றது அந்த முதல் காகிதம் இருந்த இடத்தில்.

அன்றைக்கே எல்லாப் பிரஷையும் வெளியே கொண்டு வந்தோம். வாஷ்பேசின் வெளியே இருக்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய உண்டு, உங்களுக்கும் அப்படி அமைந்திருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். அது இல்லாதவர்கள் பிரஷைத் தங்கள் அறைக்கே எடுத்துப் போய், ஜன்னல் பக்கம் ஆணியில் மாட்டிக்கொள்ளலாம். குளியலறைக்குள்தான் வைக்க வேண்டும் என்றால் காகிதச் சோதனை எந்த இடத்தைக் காட்டுகிறதோ அதுதான் இடம். பெரும்பாலும் அது கக்கூஸுக்கும் குழாய்க்கும் எதிர்ச் சுவரில், நெஞ்சுயரத்துக்கு மேலே அமையும்.

தாங்கி வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். அடி திறந்திருக்க வேண்டும், ஒரு பிரஷ் இன்னொன்றைத் தொடக் கூடாது. கடையில் கிடைக்கும் சுவரில் மாட்டும் பிளாஸ்டிக் தாங்கிகளில் துளைகள் மிக நெருக்கமாக இருக்கும். நாங்கள் ஆறு துளை உள்ளதாக இரண்டு வாங்கி, ஒரு துளை விட்டு ஒரு துளையில் வைக்கிறோம். நடுவில் மூன்று விரல் இடைவெளி கிடைக்கிறது. செலவே வேண்டாம் என்றால் ஆளுக்கொரு பிளாஸ்டிக் டம்ளர் போதும், ஆணியைச் சூடாக்கி அடியில் நாலு ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். தாங்கியோ டம்ளரோ, ஞாயிற்றுக்கிழமை தோறும் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு முறை வைத்திருக்கிறோம், ஒரு வாரம் ஒருத்தி.

மூன்றாவது: காய வைப்பது

கிருமிக்கு வேண்டியது ஈரம். பிரஷ் முழுதாகக் காய்ந்துவிட்டால் அதில் இருப்பவற்றில் பெரும் பகுதி தானாகவே செத்துப்போகும். இது கேட்கச் சின்ன விஷயம், ஆனால் நம் மாவட்டத்தில் சின்ன விஷயம் இல்லை. தென்மேற்குப் பருவமழையும் நமக்குத்தான், வடகிழக்குப் பருவமழையும் நமக்குத்தான். ஜூனிலும், மறுபடி ஐப்பசி கார்த்திகையிலும் துவைத்த துணி மூன்று நாள் கொடியில் கிடந்தும் வாடை அடிக்கும். பிரஷ் மட்டும் எப்படிக் காயும்?

தேய்த்து முடித்ததும் குழாயைத் திறந்து, நாரைக் கட்டைவிரலால் மேலும் கீழுமாக நீவிக்கொண்டே பத்து வரை எண்ணுங்கள். நாரின் அடியில், அது தலையில் பதிந்திருக்கும் இடத்தில்தான் பசையும் சாப்பாட்டுத் துணுக்கும் தங்கும். மேலோட்டமாகத் தண்ணீரில் காட்டினால் அது போகாது. பிறகு வாஷ்பேசினுக்குள் ஐந்தாறு முறை ஓங்கி உதறுங்கள். தலை மேலே இருக்கும்படி நிறுத்துங்கள். துண்டில் துடைக்க வேண்டாம், பொதுத் துண்டாக இருந்தால் கண்டிப்பாக வேண்டாம். மாடித் தொட்டித் தண்ணீர் கலங்கலாக வரும் நாட்களில் கடைசி அலசலைக் குடிக்கிற தண்ணீரில் செய்துகொள்ளுங்கள், அரை டம்ளர் போதும். பிரஷை எடுப்பதற்கு முன்னால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கக்கூஸிலிருந்து பிரஷுக்குக் கிருமி போக மிகக் குறுகிய வழி நம் கைதான்.

காய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ராத்திரி பத்து மணிக்குத் தேய்த்து வைத்தால், காலையில் ஆறு மணிக்கு, தண்ணீர் காட்டுவதற்கு முன்னால், நாரை ஒரு டிஷ்யூ காகிதத்தில் ஐந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். காகிதத்தில் ஈரத் தடம் விழாவிட்டால் வைத்த இடம் சரி. எங்கள் நடையில் சித்திரை வைகாசியில் தடம் விழுவதில்லை. ஜூன் மழையில் எட்டு மணி நேரம் கழித்தும் நடுவே பொட்டாக ஈரம் தெரிந்தது. வெளிப்பக்க நார் காய்ந்துவிடும், நடுவில் இருப்பதுதான் பிடித்துக்கொள்ளும்.

அந்த மாதங்களுக்கு நான் சொல்கிற வழி இரண்டு பிரஷ். காலைக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று. எட்டு மணி நேரத்துக்குப் பதிலாக ஒவ்வொன்றுக்கும் 24 மணி நேரம் கிடைக்கிறது. டிஷ்யூ சோதனையை அப்படி வைத்துப் பார்த்தேன், கனமழை நாளில்கூடத் தடம் விழவில்லை. ஒரு பிரஷ் முப்பது நாற்பது ரூபாய். கிருமி நீக்கும் பெட்டிக்குக் கொடுக்கிற காசில் வருடக்கணக்கில் பிரஷ் வாங்கலாம்.

மூடியும் கரப்பானும்

மூடி போடலாமா என்று ஒவ்வொரு பிள்ளையும் கேட்கும். வீட்டில் வைக்கும்போது வேண்டாம் என்பதுதான் பதில். ஈரமான தலையை மூடிக்குள் அடைத்தால் அந்த ஈரம் போக வழி இல்லை. நாம் தடுக்க நினைத்த கிருமிக்கே வசதி செய்து கொடுத்த மாதிரி ஆகிவிடும். குயினிபியாக் ஆய்வைச் செய்தவர்களும் இதைத்தான் சொன்னார்கள். ஒரு மாதம் மூடி போட்டு வைத்த பிரஷை எடுத்து நாரின் அடியைப் பாருங்கள், கறுப்புப் புள்ளி தெரியும். அது பூஞ்சை.

ஆனால் மூடி கேட்கிறவர்களின் பயம் பெரும்பாலும் கிருமி இல்லை, கரப்பான் பூச்சி. அந்தப் பயம் நியாயமானது, அதை ஒதுக்கிவிட முடியாது. ராத்திரியில் சாக்கடைக் குழாய் வழியாக ஏறி வரும், பல்லியும் உண்டு, பற்பசையின் இனிப்புக்கு எறும்பும் வரும். இதற்கு நான் கண்டுபிடித்த வழி கொசுவலைத் துணி. கிழிந்த கொசுவலையில் ஒரு கை அகலத்துக்கு வெட்டி, தாங்கியின் மேல் கூடாரம் மாதிரித் தளர்வாகப் போட்டு, கீழே ரப்பர் பேண்ட் மாட்டுங்கள். காற்று போகும், கரப்பான் போகாது. வாரம் ஒரு முறை துணியோடு சேர்த்துத் துவைத்துவிடலாம். தரைச் சாக்கடை வாய்க்கு ஜாலி மூடி இல்லை என்றால் வீட்டுக்காரரிடம் கேட்டுப் போட வையுங்கள். நாரில் பசை மிச்சமில்லாமல் அலசினாலே எறும்பு பாதி குறைந்துவிடும்.

பயணத்துக்கு மூடி வேண்டும். சனிக்கிழமை மார்த்தாண்டம் பஸ்ஸில் ஊருக்குப் போகிற பிள்ளை பிரஷைப் பையில் சீப்போடும் செருப்போடும் போட முடியாது. ஓட்டை உள்ள மூடியாக வாங்கி, கிளம்பும் முன் டிஷ்யூவில் நாரை ஒற்றி எடுத்துவிட்டு மாட்டுங்கள். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக மூடியைக் கழற்றி நிறுத்திவிடுங்கள். சோப்பு டப்பா மாதிரி முழுக்க மூடிய டப்பாவும் பாலித்தீன் கவரும் வேண்டாம்.

கிருமி நீக்கும் பெட்டி, மவுத்வாஷ், வெந்நீர்

போன வருடம் ஒரு பிள்ளை யுவி விளக்கு எரியும் பெட்டி ஒன்று வாங்கி வந்தது. நீல வெளிச்சம் ஐந்து நிமிடம் எரியும். இந்தப் புற ஊதாக் கதிர் கிருமியைக் குறைக்கும், அதில் பொய் இல்லை. ஆனால் வெளிச்சம் நேராக விழும் இடத்தில்தான் வேலை செய்யும். நெருக்கமான நாரின் அடியில் நிழல்தான். இந்தப் பெட்டிகள் எதுவும் பிரஷை முழுக்கக் கிருமியற்றதாக ஆக்குவதில்லை, அடுத்த தடவை வாயில் வைத்ததும் நம் கிருமி மறுபடி ஏறிவிடும். பெட்டி வாங்கியவர்களுக்கு நோய் குறைவாக வந்தது என்று யாரும் காட்டியதும் இல்லை. அந்தப் பெட்டியோ காற்றுப் போகாத பெட்டி. விளக்கு அணைந்த பிறகு பிரஷ் ராத்திரி முழுக்க ஈரத்தோடு உள்ளேயே இருந்தது. பிள்ளையிடம் சொல்லி, பிரஷை வெளியே எடுத்து வைக்கச் சொன்னேன்.

ஊற வைப்பது வேறு. 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடிலோ கிருமிநாசினி மவுத்வாஷிலோ ஊற வைத்தால் நாரில் இருக்கும் பாக்டீரியா நன்றாகக் குறையும். ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு இது தேவை இல்லை. புற்றுநோய்க்கு கீமோ எடுப்பவர், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர் போல எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் வீட்டில் இருந்தால், மருத்துவரிடம் கேட்டுச் செய்யலாம். மருந்துக் கடை பாட்டிலில் 6 சதவீதம் என்று போட்டிருந்தால் அதே அளவு தண்ணீர் கலந்தால் 3 ஆகும். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஊற்றி, முடிந்ததும் கொட்டிவிட வேண்டும், பிரஷை நன்றாக அலச வேண்டும். ஒரே டம்ளரில் எல்லாருடைய பிரஷையும் போட்டு ஊற வைக்கிற பழக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். அதைவிட ஊற வைக்காமல் இருப்பதே மேல்.

பிரஷைக் கொதிக்கும் நீரில் போடாதீர்கள். நார் நைலான், சூட்டில் வளைந்துவிடும். டெட்டால், பிளீச்சிங் பவுடர் எல்லாம் தரைக்கு மட்டும்.

எப்போது மாற்றுவது

மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை, அல்லது நார் விரிந்துவிட்டால் அதற்கு முன்பே. இதை நினைவில் வைக்க நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் கணக்கு தமிழ் மாதம். தை ஒன்று, சித்திரை ஒன்று, ஆடி ஒன்று, ஐப்பசி ஒன்று. பொங்கல், விஷு, ஆடிப் பிறப்பு, ஐப்பசிப் பிறப்பு, நாலுக்கும் நடுவே மும்மூன்று மாதம். மழைக்காலம் தொடங்குகிற ஐப்பசியில் புதுப் பிரஷ் வருவது கூடுதல் நல்லது. இரண்டு பிரஷ் மாற்றி மாற்றி வைத்திருப்பவர்களுக்குத் தேய்மானம் பாதிதான், ஆனாலும் நான் அதை நாலு மாதத்துக்கு மேல் இழுக்க விடுவதில்லை.

நாள்காட்டியைவிட நார் சொல்வது முக்கியம். காரணம் கிருமி இல்லை. நுனி விரிந்த நார் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் நுழையாது, மேலே வழுக்கிக்கொண்டு போகும். அழுக்கு அப்படியே தங்கிவிடும். பார்க்கும் முறை சுலபம். பிரஷைத் திருப்பி, நார் அந்தப் பக்கமும் முதுகு உங்கள் பக்கமும் இருக்கும்படி பிடியுங்கள். தலையின் ஓரத்தைத் தாண்டி நார் வெளியே எட்டிப் பார்த்தால் காலம் முடிந்தது.

ஜவுளிக்கடைப் பிள்ளை ஒருத்தியின் பிரஷ் மூன்றே வாரத்தில் இப்படி விரிந்தது. கம்பெனி சரியில்லை என்று இரண்டு தடவை மாற்றினாள். மூன்றாவதும் விரிந்தது. தேய்ப்பதைப் பார்த்தேன், கையை முஷ்டியாக மூடிப் பிடித்து, செம்பைப் புளி போட்டுத் துலக்குகிற மாதிரித் தேய்த்தாள். "பல்லு காட்டு" என்றேன். மேல் வரிசையில் கோரைப் பல் இரண்டிலும் ஈறு மேலே ஏறி, வேர்ப் பக்கம் மஞ்சளாகத் தெரிந்தது. மென்மையான நாராக வாங்கச் சொல்லி, பேனா பிடிப்பது மாதிரி விரல் நுனியால் பிடிக்கச் சொன்னேன். அப்படிப் பிடித்தால் அழுத்த நினைத்தாலும் முடியாது. அடுத்த பிரஷ் இரண்டரை மாதம் நேராக நின்றது. ஒரு மாதத்துக்குள் நார் விரிகிறது என்றால் பிரஷைக் குறை சொல்லும் முன் கையைப் பாருங்கள். ஈறு ஏறியது தானாகக் கீழே வராது, பல் மருத்துவரிடம் ஒரு தடவை காட்டிவிட வேண்டும்.

காய்ச்சல், சளி வந்து போனால் பிரஷை மாற்ற வேண்டுமா? நம்மைப் பிடித்த சளி வைரஸுக்கு உடம்பு அதற்குள் எதிர்ப்பு உண்டாக்கியிருக்கும், அது பிரஷ் வழியாக நமக்கே திரும்பி வரும் என்ற பயம் பெரும்பாலும் தேவை இல்லை. ஆனால் காய்ச்சல்காரரின் பிரஷ் மற்றவர்களுடையதைத் தொடக் கூடாது. எங்கள் வீட்டில் காய்ச்சல் என்றால் அந்தப் பிரஷ் தாங்கியிலிருந்து அவளுடைய அறைக்குப் போய்விடும், தனி டம்ளர், தனிப் பற்பசை. வாயில் பூஞ்சை வந்து வெள்ளைப் படலம் படிந்து, அதற்கு மருந்து எடுத்தவர்கள் மட்டும் மருந்து முடிந்ததும் மாற்றிவிடுங்கள்.

நாளைப் பார்க்காமல் உடனே தூக்கிப் போட வேண்டியவை: வேறு யாரோ பயன்படுத்தியது, அல்லது அப்படிச் சந்தேகம் உள்ளது, கக்கூஸ் தரையில் விழுந்தது, நாரின் அடியில் கறுப்புப் புள்ளி வந்தது, கரப்பான் உட்கார்ந்திருந்ததைக் கண்ணால் பார்த்தது.

தூக்கிப் போடுவதற்கும் ஒரு முறை உண்டு. பழைய பிரஷை நாம் யாரும் சட்டென்று எறிவதில்லை, குழாய் இடுக்கையும் ஓடு இணைப்பையும் தேய்க்க அதைவிட நல்ல கருவி கிடையாது. ஆனால் ஒரு தடவை, கக்கூஸ் குழாய் தேய்த்த பழைய பிரஷ் ஒன்று வாஷ்பேசின் ஓரத்தில் கிடந்ததைப் பார்த்து, யாரோ மறந்து வைத்துவிட்டாள் என்று இன்னொரு பிள்ளை கழுவித் தாங்கியில் நிறுத்திவிட்டது. நல்ல மனதோடு செய்ததுதான். நூல் கட்டு இல்லாததால் நான் கவனித்தேன். அதற்குப் பிறகு பழைய பிரஷ் எதுவும் முழுசாக இந்த வீட்டில் கிடப்பதில்லை. கைப்பிடியைப் பாதியில் ஒடித்து, நாரைக் கத்திரியால் கால் வாசி வெட்டிவிட்டுத்தான் துடைப்பம் இருக்கும் மூலைக்கு அனுப்புகிறோம்.